64 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறது, உள்ளே 13 தானா? எப்படி உறுதி செய்வது?

கதிரொளி

அப்பாவுக்கு ஒரு போன் வாங்கினோம். பெட்டியில் "64 மெகாபிக்சல் ஏஐ குவாட் கேமரா" என்றும் "2.0 கிகாஹெர்ட்ஸ் ஆக்டா கோர் ப்ராசசர்" என்றும் போட்டிருக்கிறது. ப்ராசசரின் பெயர் எங்குமே இல்லை.

கேமராவில் 64 மெகாபிக்சல் முறையைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் படம் 9216 × 6912 என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துகளின் விளிம்பெல்லாம் கரைந்து கிடக்கிறது. போனின் உள்விவரம் காட்டும் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன், அது பின்கேமரா 13 மெகாபிக்சல் என்கிறது.

திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. விற்றவரிடம் போய்ப் பேசுவதற்கு முன் கையில் உறுதியான ஆதாரம் வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துவேல்

கேமரா அமைப்புகளுக்குள் போய் 64 மெகாபிக்சலைத் தேர்வு செய்யுங்கள் தம்பி. எல்லா போனும் முதலில் குறைந்த அளவில்தான் எடுக்கும். என் போன் 48 மெகாபிக்சல், அதுவும் அப்படியே விட்டால் 12-ல்தான் எடுக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கதிரொளி

அதைத் தேர்வு செய்துதான் எடுத்தேன் அண்ணா. படத்தின் அளவு சரியாகவே 64 மெகாபிக்சல் வருகிறது. அதற்குள் 64 மெகாபிக்சலுக்கான நுணுக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விசைக்காரன்

செயலி 13 என்று காட்டினால் 13 தான், அவ்வளவுதான் விஷயம். 48, 64, 108 என்று போடுவதெல்லாம் பொய். நான் பார்த்த 48 மெகாபிக்சல் போன் எல்லாவற்றிலும் செயலி 12 என்றுதான் காட்டியது. நான்கு பிக்சலுக்கு ஒரே நிற வடிகட்டி. அப்படியானால் நிறத்தைப் பொறுத்தவரை அது 12 மெகாபிக்சல் சென்சார்தான். திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு நேராகப் போய்ப் பணத்தைக் கேளுங்கள்.

தேன்மொழி

கதிரொளி, அவசரப்பட்டு அந்தத் திரைப்பிடிப்பை மட்டும் கொண்டு போகாதீர்கள். கேமரா மாட்யூல் ட்யூனிங் வேலையில் சில வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். செயலி குறைவாகக் காட்டுவது நல்ல 48 மெகாபிக்சல் போனிலும் நடக்கும்.

காரணம் இதுதான். இந்த வகை சென்சாரில் நான்கு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக வாசிப்பதுதான் வழக்கமான முறை. போன் நிறுவனம் அந்தச் சேர்த்த அளவை மட்டுமே ஆண்ட்ராய்டுக்குச் சொல்லிவிட்டு, முழு அளவைத் தன் சொந்தக் கேமரா செயலிக்கு மட்டும் திறந்து வைத்திருக்கும். முழு அளவை மற்ற செயலிகளுக்கும் தெரிவிக்க ஒரு பொது வழி ஆண்ட்ராய்ட் 12-ல்தான் வந்தது, அதையும் எல்லாரும் பயன்படுத்துவதில்லை. ஆகவே 12 என்று காட்டுவது மட்டும் எதையும் நிரூபிக்காது.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த 13 என்ற எண். 64-ஐ நான்கால் வகுத்தால் 16 வர வேண்டும். உண்மையான 64 மெகாபிக்சல் சென்சார் சேர்த்து வாசித்தால் ஏறக்குறைய 4624 × 3472 அல்லது அதை ஒட்டிய அளவு காட்டும். 13 எங்கிருந்து வந்தது?

கணினியோடு போனை இணைத்து இதை ஓட்டி, வருவதை அப்படியே போடுங்கள்:

```
adb shell "dumpsys media.camera | grep -A 1 -E 'physicalSize|pixelArraySize'"
```

போனில் டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை அனுமதித்திருக்க வேண்டும். நமக்கு வேண்டியது பிக்சல் எண்ணிக்கையும், சென்சாரின் உடல் அளவு மில்லிமீட்டரிலும். இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

நிலாமதி

எனக்கும் இதே போல் ஒரு அனுபவம், ஆனால் மெகாபிக்சலில் இல்லை. நான் வாங்கிய போனின் பின்பக்கம் நான்கு வட்டம் இருந்தது. ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது முதல் இரண்டில் கண்ணாடிக்குக் கீழே ஊதா, பச்சை என்று பிரதிபலிப்பு தெரிந்தது, ஆழமும் தெரிந்தது. மற்ற இரண்டில் வெறும் கறுப்பு. ஒன்று ஏதோ ஒரு சின்ன கேமராவாக இருக்கலாம், இன்னொன்றில் உள்ளே எதுவுமே இல்லை என்றுதான் இன்று வரை நினைக்கிறேன். "குவாட் கேமரா" என்று நம்பி வாங்கிய எனக்கு அது பெரிய வருத்தம். கதிரொளி, உங்கள் போனிலும் அந்த வட்டங்களைப் பாருங்கள்.

கதிரொளி

தேன்மொழி அக்கா, ஓட்டினேன். பின்கேமராவுக்கு வந்தது இது:

```
android.sensor.info.physicalSize (f0005): float[2]
  [4.71000004 3.49000001 ]
android.sensor.info.pixelArraySize (f0006): int32[2]
  [4208 3120 ]
```

முன்கேமராவுக்கு இன்னொரு ஜோடி வந்தது, அதை விட்டுவிட்டேன். நிலாமதி சொன்ன வட்டங்களை இரவு டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

தேன்மொழி

சரி, இனிக் கணக்குப் போடலாம். வெறும் வகுத்தல் கணக்குதான்.

சென்சாரின் அகலம் 4.71 மில்லிமீட்டர். அதில் 4208 பிக்சல். வகுத்தால் ஒரு பிக்சலின் அகலம் 1.12 மைக்ரான். 4208 × 3120 என்ற அளவும் 1.12 மைக்ரானும் 13 மெகாபிக்சல் சென்சார்களில் பல வருடமாகப் புழங்கும் ஜோடி. பல நிறுவனங்கள் இதே அளவில் சென்சார் செய்கின்றன, அதனால் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது.

இப்போது எதிர்த்தரப்பு வாதத்தையும் சோதிப்போம். "இல்லை, அது 64 மெகாபிக்சல் சென்சார்தான், சேர்த்து வாசித்ததைத்தான் காட்டுகிறோம்" என்று அவர்கள் சொல்லலாம். அப்படியானால் அதே 4.71 மில்லிமீட்டர் அகலத்தில் 9216 பிக்சல் உட்கார வேண்டும். ஒரு பிக்சல் 0.51 மைக்ரான் ஆகிவிடும். 64 மெகாபிக்சல் சென்சார்களில் பரவலாக இருப்பது 0.8 அல்லது 0.7 மைக்ரான். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் போனில் இருந்தால் சென்சாரின் அகலம் 7.4 அல்லது 6.5 மில்லிமீட்டர் அளவில் காட்டியிருக்கும். 4.71-ல் அது அடங்காது.

விசைக்காரன் பார்த்த 48 மெகாபிக்சல் போன்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2018-ல் சோனி அறிவித்த IMX586-ல் பிக்சல் 0.8 மைக்ரான், 8000 × 6000. அகலம் 6.4 மில்லிமீட்டர். ஆண்ட்ராய்டுக்கு 4000 என்று சொன்னாலும் உடல் அளவு 6.4 என்றே இருக்கும். வகுத்தால் 1.6 மைக்ரான் வரும், அதாவது இரண்டு 0.8. கணக்கு நேராகப் பொருந்துகிறது. உங்கள் போனில் எந்தப் பக்கத்திலிருந்து வகுத்தாலும் பொருந்தவில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த எண்களை எழுதி வைப்பது போன் நிறுவனம்தான், சென்சார் தானாகச் சொல்வதில்லை. பழைய மாடலின் கோப்பை அப்படியே நகலெடுத்துத் தவறான எண்ணை விட்டுவைத்த போன்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் படத்தையும் சோதித்துவிட்டுப் பேசினால்தான் பலம்.

விசைக்காரன்

ஆக முடிவு நான் சொன்னதுதானே, 13 தான். சரி, 48-க்கே வருவோம். நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்றால் நிறத் தகவல் 12 மெகாபிக்சல்தான். அதை 48 என்று விற்பதும் இதே வகைதான் என்பது என் கருத்து.

தேன்மொழி

இந்தப் போனைப் பற்றிய முடிவு ஒன்றுதான், ஆனால் போகும் வழி வேறு. உங்கள் வழியில் போனால் நேர்மையான போனையும் குற்றம் சொல்லிவிடுவோம்.

நிறக் கணக்கைக் கொஞ்சம் யோசியுங்கள். சாதாரண 12 மெகாபிக்சல் சென்சாரிலும் எல்லா பிக்சலும் எல்லா நிறத்தையும் பார்ப்பதில்லை. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். அதாவது சிவப்பைப் பார்ப்பவை 3 மெகாபிக்சல்தான். உங்கள் அளவுகோலை வைத்தால் அதையும் 12 என்று சொல்லக் கூடாது. 48-ல் ஒளியை அளக்கும் 4.8 கோடி இடங்கள் உண்மையாகவே இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் கூடுதல் நுணுக்கம் கிடைக்கிறது. 2022-ல் வந்த ஐபோன் 14 ப்ரோ, 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதி 12 மெகாபிக்சலை மட்டும் எடுத்து இரண்டு மடங்கு ஜூம் கொடுக்கிறது. அந்த பிக்சல்கள் பொய் என்றால் அது நடக்காது.

விசைக்காரன்

ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் கும்பலாக இருப்பதால் அடுத்த நிறத்துக்குப் போகத் தூரம் அதிகம். இடையில் இருப்பதை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகத்தையும் எண்ணிக்கையில் சேர்த்து விற்கிறார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

தேன்மொழி

அதை ஒப்புக்கொள்கிறேன். அதே எண்ணிக்கையில் பழைய அடுக்குமுறை சென்சாரைவிட இதில் ஊகம் அதிகம்தான். நுணுக்கம் நான்கு மடங்கு ஆகாது. எவ்வளவு கூடும் என்பது லென்ஸையும் பொறுத்தது. f/1.8 துளையில் பச்சை ஒளியின் ஒரு புள்ளி, லென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 2.4 மைக்ரான் அளவுக்குப் பரவும். 0.8 மைக்ரான் பிக்சல் என்றால் அந்தப் புள்ளி மூன்று பிக்சல் அகலத்தில் விழுகிறது. பிக்சலைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அதே மங்கலைத்தான் இன்னும் நுணுக்கமாக அளந்துகொண்டிருப்போம். எந்த எண்ணுக்கு மேல் "மிகை" என்று சொல்லலாம் என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். ஆனால் இருக்கும் பிக்சலை எண்ணிச் சொல்வதும், இல்லாத பிக்சலை மென்பொருளால் ஊதிச் சேர்ப்பதும் என் மனதில் ஒன்றே இல்லை.

பரணி

குறுக்கே வருகிறேன். 64 மெகாபிக்சல் முறையில் எடுத்த படத்தின் கோப்பு எவ்வளவு பெரியது? 20 எம்பிக்கு மேல் இருந்தால் உண்மை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

தேன்மொழி

கோப்பின் அளவை நம்பாதீர்கள் பரணி. ஜேபெக் தரத்தைக் கூட்டி வைத்தால் ஊதிய படமும் பெரிய கோப்பாகவே விழும். அதை வேண்டுமென்றே கூட்டி வைப்பவர்களும் உண்டு, ஏனென்றால் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

படத்தையே சோதிக்கும் வழி இது. கதிரொளி, சிறிய எழுத்து நிறைந்த அச்சுப் பக்கம் ஒன்றை வெயில் வெளிச்சத்தில், போன் அசையாமல் சாய்த்து வைத்து, 64 மெகாபிக்சல் முறையில் எடுங்கள். பிறகு அந்தப் படத்தைப் பாதியாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்கு விரித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள்:

```
magick big.jpg -resize 50% -resize 200% back.jpg
magick compare -metric PSNR big.jpg back.jpg null:
```

உண்மையான நுணுக்கம் இருந்தால் சுருக்கும்போது அது அழிந்துபோகும், விரித்தாலும் திரும்பி வராது. வித்தியாசம் அதிகமாகி, இரண்டாவது கட்டளை காட்டும் எண் குறையும். ஏற்கெனவே 13-லிருந்து ஊதிய படம் என்றால் சுருக்கினாலும் இழக்க அதனிடம் பெரிதாக எதுவும் இல்லை, எண் உயர்ந்தே நிற்கும். எந்த எண் எல்லை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அதனால் உண்மை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு 48 அல்லது 64 மெகாபிக்சல் போனில் அதே பக்கத்தை, அதே வெளிச்சத்தில் எடுத்து இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

மங்கலான வெளிச்சத்தில் மட்டும் செய்யாதீர்கள். அங்கே நல்ல போனும் இரைச்சலை வழித்தெடுத்து நுணுக்கத்தையும் சேர்த்து அழித்துவிடும், இரண்டும் ஒரே மாதிரி தெரியும். லென்ஸில் விரல் தடம் இருந்தாலும் அப்படித்தான்.

கதிரொளி

செய்துவிட்டேன். தங்கையிடம் 48 மெகாபிக்சல் போன் இருக்கிறது. நீங்கள் சொன்ன கட்டளையை அதில் ஓட்டியபோது 4000 × 3000, அகலம் 6.4 என்று வந்தது, ஆக அது கணக்குக்குப் பொருந்துகிறது. அதே புத்தகப் பக்கம், மொட்டை மாடி வெளிச்சம்.

தங்கை போனின் 48 மெகாபிக்சல் படத்துக்கு 34 வந்தது. அப்பா போனின் 64 மெகாபிக்சல் படத்துக்கு 44. எண்ணை விடக் கண்ணுக்கே தெரிகிறது. அப்பா போனில் மூலப் படத்தையும் சுருக்கி விரித்ததையும் அருகருகே வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. தங்கை போனில் சுருக்கியதும் அடிக்குறிப்பு எழுத்துகள் படிக்க முடியாமல் போகின்றன.

தேன்மொழி

இது போதும். உடல் அளவும் படமும் ஒரே திசையில் பேசுகின்றன. இனி பெட்டியின் வாசகத்தை எழுத்து விடாமல் படியுங்கள். "64 மெகாபிக்சல் சென்சார்" என்று எங்காவது இருக்கிறதா, அல்லது "64 மெகாபிக்சல் படம்", "64 மெகாபிக்சல் ஏஐ கேமரா" என்று மட்டுமா? நட்சத்திரக் குறி இருந்தால் அது எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள்.

கதிரொளி

"சென்சார்" என்ற வார்த்தையே இல்லை அக்கா. நட்சத்திரக் குறி இருக்கிறது. பெட்டியின் அடிப்பக்கத்தில், படிக்கவே முடியாத எழுத்தில், "மென்பொருள் செயலாக்கத்துக்குப் பிந்தைய வெளியீட்டு அளவு" என்ற பொருளில் ஒரு வரி.

விசைக்காரன்

அந்த ஒரு வரியை வைத்துத் தப்பித்துவிடுவார்கள். படிக்க முடியாத அளவில் போட்டுவிட்டு "சொல்லிவிட்டோமே" என்பார்கள். எனக்கு இதில்தான் கோபமே வருகிறது.

நிலாமதி

வட்டங்களைப் பார்த்தீர்களா?

கதிரொளி

பார்த்தேன். நான்கில் ஒன்று முதன்மைக் கேமரா, ஒன்றில் சின்ன லென்ஸ் தெரிகிறது. மற்ற இரண்டில் டார்ச் வெளிச்சம் எந்தக் கோணத்திலும் உள்ளே இறங்கவில்லை, மேலேயே பளபளத்து நிற்கிறது. முழு அறிக்கையின் தலைப்பில் `Number of camera devices: 2` என்று இருக்கிறது. ஒன்று பின்னால், ஒன்று முன்னால். அந்தச் சின்ன லென்ஸ் கணக்கிலேயே இல்லை.

தேன்மொழி

அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்ட் 9-லிருந்து பல லென்ஸ்களை ஒரே கேமராவாகத் தொகுத்துக் காட்ட முடியும், அப்போது உள்ளே இருப்பவை தனி எண்ணாக வராது. அறிக்கையில் `physicalIds` என்று தேடிப் பாருங்கள். தொகுப்பு என்றால் அங்கே தெரியும்.

விரல் சோதனையும் செய்யுங்கள். போர்ட்ரெயிட் முறையில் ஒருவரை எடுக்கும்போது அந்தச் சின்ன லென்ஸை விரலால் முழுக்க மூடுங்கள். பின்னணி மங்கல் அப்படியே வந்தால், அந்த லென்ஸுக்கு அங்கே வேலை இல்லை. லென்ஸ் நிஜமாக இருந்தும் பயன்படுத்தாமல் விட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னணியை மங்கலாக்க இரண்டாவது லென்ஸ் கட்டாயமே இல்லை. 2017-ல் கூகுளின் பிக்சல் 2 பின்பக்கம் ஒரே கேமராவை வைத்துக்கொண்டு அதைச் செய்தது. ஆகவே மங்கல் வருகிறது என்பதற்காக "டெப்த் கேமரா வேலை செய்கிறது" என்று விற்பவர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

கதிரொளி

மூடி எடுத்தேன், எந்த மாற்றமும் இல்லை. எச்சரிக்கையும் வரவில்லை. `physicalIds` என்று எதுவும் இல்லை.

முத்துவேல்

கேமராவை விடுங்கள், அப்பா போன்தானே. ஆக்டா கோர் 2.0 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம்தான். என் பழைய போன் 1.8 தான், இன்னும் ஓடுகிறது.

பரணி

முத்துவேல் அண்ணா, கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து வேகம் சொல்ல முடியாது. எட்டும் எந்த வகை கோர் என்பதைத்தான் மறைக்கிறார்கள், அதனால்தான் ப்ராசசரின் பெயரே போடவில்லை. கதிரொளி, இதை ஓட்டுங்கள்:

```
adb shell "grep 'CPU part' /proc/cpuinfo"
```

எட்டு வரியும் `0xd03` என்றால் எட்டும் கார்டெக்ஸ் ஏ53. 2012-ல் அறிமுகமான, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சிறிய கோர். `0xd05` என்றால் ஏ55, அதற்கு அடுத்த தலைமுறைச் சிறிய கோர். இடையில் இரண்டு வரியாவது `0xd0b` என்று இருந்தால் அது ஏ76, பெரிய கோர். செயலி திறப்பது, பக்கம் ஏற்றுவது போன்ற வேலைகளில் அந்த இரண்டு பெரிய கோர்தான் வித்தியாசம் காட்டும். இரண்டு போனிலும் "ஆக்டா கோர் 2.0" என்றே அச்சடிக்கலாம், இரண்டுமே உண்மையாகவும் இருக்கும்.

கதிரொளி

எட்டும் `0xd03`.

முத்துவேல்

என்னுடையதில் ஆறு `0xd05`, இரண்டு `0xd0b`. இதைத்தான் 1.8 என்று நினைத்துக்கொண்டிருந்தேனா? பெட்டியில் எண் குறைவாக இருந்தும் வேகமாக ஓடுவதற்கு இதுவா காரணம்?

பரணி

ஆமாம் அண்ணா. ஏ53 கட்டளைகளை வரிசை மாறாமல்தான் செய்யும், ஒன்று தரவுக்குக் காத்திருந்தால் பின்னால் இருப்பதும் நிற்கும். ஏ76 காத்திருக்கும் நேரத்தில் தயாராக இருக்கும் வேறு கட்டளையைச் செய்துவிடும். கிகாஹெர்ட்ஸில் அந்த வித்தியாசம் தெரியாது.

விசைக்காரன்

கதிரொளி, ப்ராசசரை வைத்துப் பணம் கேட்காதீர்கள். அதில் அவர்கள் சொன்னது பொய் இல்லை, சொல்லாமல் விட்டதுதான். அந்த வெற்று வட்டங்களை முதலில் எடுத்து வையுங்கள். "குவாட் கேமரா" என்ற சொல்லுக்கு நட்சத்திரக் குறி இருக்கிறதா?

கதிரொளி

இல்லை. மெகாபிக்சலுக்கு மட்டும்தான் குறி.

தேன்மொழி

விசைக்காரன் சொல்வது சரியான வரிசை. மெகாபிக்சலுக்கு அவர்களிடம் அடிக்குறிப்பு இருக்கிறது, கேமரா எண்ணிக்கைக்கு இல்லை. விற்றவர் முன்னால் டார்ச்சையும் விரல் சோதனையையும் செய்து காட்டுங்கள், கணினி தேவையில்லை. "மற்ற மூன்று கேமராவிலும் எடுத்த படத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பிறகு மெகாபிக்சலுக்கு அந்த இரண்டு படத்தையும் அருகருகே காட்டுங்கள். எண்களை அச்சில் எடுத்து வைத்திருங்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள்.

அந்தச் சின்ன லென்ஸுக்குக் கீழே சென்சார் இருக்கிறதா என்பது மட்டும் திறக்காமல் உறுதியாகத் தெரியாது. திறந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால் தொடாதீர்கள்.

கதிரொளி

நாளை போகிறேன். பெட்டி, படங்கள், அச்செடுத்த பக்கம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். போனில் அப்பாவின் கணக்குகளை நீக்குவதுதான் பாக்கி.